கிளினிக் மெடிக்கல் வேஸ்ட்: கலரைத் தப்பா புரிஞ்சுக்கிட்டா வர்ற தவறுகள்

சின்ன கிளினிக்ல புதுசா வேலைக்கு வர்றவங்ககிட்ட மஞ்சள் பையில என்ன போடணும்னு கேட்டுப் பாருங்க, பாதிப்பேர் "ரத்தம் பட்டது எல்லாம்"னு சொல்லுவாங்க, நானும் வேலைக்கு சேர்ந்த புதுசுல அப்படித்தான் நினைச்சிட்டு இருந்தேன். மத்த தப்பு நிறைய இந்த ஒண்ணுலேர்ந்துதான் வருது. அந்தப் பொருள் எவ்ளோ அழுக்குன்னு சொல்ல வச்ச கலர் இல்ல இது. கடைசியில அதை என்ன பண்ணப் போறாங்கன்னு சொல்ற கலர். மஞ்சள்ல போறதை எரிப்பாங்க. சிவப்புல போற பிளாஸ்டிக்கை ஆட்டோகிளேவ்ல நீராவியில வேகவச்சு, துண்டு துண்டா அரைச்சு, மறுசுழற்சிக்கு அனுப்புவாங்க. ஊசி, பிளேடு போற வெள்ளை டப்பாவையும் கிருமி நீக்கி அரைச்சுடுவாங்க, இல்லன்னா வெளிய வராதபடி சிமெண்ட்டுக்குள்ள மூடிடுவாங்க. நீலத்துல போற கண்ணாடி கிருமி நீக்கின பிறகு மறுசுழற்சிக்குப் போகும். நம்ம நாட்டு மருத்துவக் கழிவு விதிகள், அதாவது 2016 விதிகள் சொல்றது சுருக்கமா இவ்வளவுதான்.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். சாயங்காலம் காய்ச்சல்னு ஒருத்தர் வர்றார், ஒரு பாட்டில் டிரிப்ஸ் ஏத்தி, அதோட ஒரு ஊசி மருந்தும் போடுறீங்க. அவர் எழுந்து போன பிறகு டிரேல மிச்சம் இருக்குறதைப் பாருங்க. காலி சலைன் பாட்டில், டிரிப் டியூப், கையில போட்டிருந்த கிளவுஸ் எல்லாமே பிளாஸ்டிக் இல்லன்னா ரப்பர், அதனால சிவப்பு, கிளவுஸ்ல ரத்தம் பட்டிருந்தாலும் சிவப்புதான். கேனுலா உள்ள இருந்த இரும்பு ஊசியை ஏத்தும்போதே உருவி வெள்ளை டப்பால போட்டிருக்கணும், கடைசியில கழட்டுன பிளாஸ்டிக் குழாய் சிவப்பு. மருந்து இருந்த கண்ணாடி ஆம்பூல் நீலம். ரத்தம் துடைச்ச பஞ்சு மஞ்சள். சிரிஞ்ச் வந்த கவர், மருந்து அட்டைப்பெட்டி எல்லாம் சாதாரணக் குப்பை, அதைக் கொண்டுபோய் மஞ்சள்ல போட்டா எடைதான் ஏறும், எரிக்கத் தேவையில்லாததை எரிக்கக் குடுக்குறோம்னு அர்த்தம்.

இந்த டிரேல யாராவது "ரத்தம் பட்டுடுச்சே"ன்னு டியூபையும் கிளவுஸையும் சேத்து மஞ்சள்ல போட்டா என்ன ஆகும்? நிறைய டியூப் பிவிசியில செஞ்சது, அதுல குளோரின் இருக்கு, எரிச்சா டயாக்சின்ங்கற நச்சு வரும். குளோரின் கலந்த பிளாஸ்டிக்ல செஞ்ச வேஸ்ட் பையையே பயன்படுத்தக்கூடாதுன்னு விதியில சொன்னதுக்கும் இதுதான் காரணம். பை வாங்கும்போது விலை கம்மியா கிடைக்குதேன்னு ஏதோ ஒண்ணை வாங்காம, குளோரின் இல்லாத பையான்னு கேட்டு வாங்குங்க.

இதைவிட ஆபத்தான தப்பு ஒண்ணு இருக்கு, ஊசி சிவப்புப் பைக்குள்ள போறது. முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு கிளினிக்ல கூட்டம் அதிகமான ஒரு நாள், ஊசிக்கு மூடியைத் திருப்பி மாட்டி சிரிஞ்சோட அப்படியே சிவப்புல போட்டுட்டோம், வண்டியில வந்த அண்ணன் பையைத் தூக்கும்போது மூடி கழண்டு ஊசி அவர் தொடையில குத்திடுச்சு. அது எந்த நோயாளிக்குப் போட்ட ஊசின்னு எங்களால சொல்லவே முடியல. அவர் ஆறு மாசம் ரத்தப் பரிசோதனைக்கு அலைஞ்சதை இன்னிக்கும் என்னால மறக்க முடியல.

அதனால மூடியைத் திருப்பி மாட்டவே கூடாது. ஊசி போட்ட கையோட, நோயாளி பக்கத்துலயே வச்சிருக்குற நீடில் கட்டர்ல ஊசியை வெட்டணும், வெட்டும்போது சிரிஞ்ச் நுனியும் சேந்து போயிடணும், ஏன்னா அந்த சிரிஞ்ச் திரும்ப யார் கைக்கும் போகக்கூடாது. 2009ல குஜராத்ல மொடாசா ஊர்ல ஹெபடைடிஸ் பி பரவுனப்போ, ஒருதடவை போட்ட சிரிஞ்சையே திரும்பத் திரும்பப் போட்டது வெளிய வந்துச்சு. இன்சுலின் சிரிஞ்ச் மாதிரி ஊசி பிரிக்க முடியாததை முழுசா வெள்ளை டப்பாலயே போடுங்க. டப்பா முக்கால் பாகம் நிறைஞ்சதும் மூடிடணும், இன்னும் ரெண்டு ஊசி புடிக்கும்னு அமுக்குறப்பதான் கையில குத்தும். குத்திடுச்சுன்னா பிதுக்காதீங்க, சோப்புத் தண்ணியில கழுவிட்டு உடனே டாக்டர்கிட்ட போங்க, எச்ஐவி தடுப்பு மருந்தை ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கறது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. அந்தச் சம்பவத்தையும் எழுதி வைக்கணும், வருஷாந்திர ரிப்போர்ட்ல அது வரணும்.

நீலத்துக்கு இன்னும் சிலபேர் பழைய மருந்து அட்டைப்பெட்டியையே வைக்கிறாங்க. மிச்ச மருந்து ஒழுகி அட்டை நனைஞ்சு, தூக்கும்போது அடி கழண்டு கண்ணாடி எல்லாம் தரையில கொட்டும். 2018 திருத்தத்துக்குப் பிறகு குத்தினா ஓட்டை விழாத, ஒழுகாத டப்பாதான் வேணும்.

அடுத்தது வைக்கிற நாள் கணக்கு. ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி, உடல் திசு இதையெல்லாம் 48 மணி நேரத்துக்கு மேல வைக்கக்கூடாது. சனிக்கிழமை சாயங்காலம் கட்டு மாத்துன துணி திங்கக்கிழமை சாயங்காலத்துக்குள்ள போயிருக்கணும், ஆனா நம்ம ஊர்ல வண்டி செவ்வாய், வெள்ளின்னு ரெண்டு நாள்தான் வரும்னா கணக்கு இடிக்குது, இதை யாரும் கவனிக்கிறதே இல்ல. ஒப்பந்தம் போடும்போதே வண்டி எத்தனை நாளைக்கு ஒருதடவை வரும்னு கேட்டு எழுதி வாங்குங்க. வண்டி வராம தாமதமாச்சுன்னா பையைப் பூட்டுன இடத்துல பத்திரமா வச்சுட்டு, காரணம் சொல்லி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு மெயில் போட்டுடுங்க. நாய், பூனை நுழையுற மாதிரி மாடிப்படிக்கு அடியில வைக்கிறது வேண்டவே வேண்டாம்.

ரிஜிஸ்டர்ல நான் அதிகமா பார்க்குற தப்பு, மாசக் கடைசியில உக்காந்து முப்பது நாளுக்கும் ஒரே எடையை எழுதுறது. கிளினிக் மூடியிருந்த ஞாயித்துக்கிழமைக்கும் சேத்து "மஞ்சள் 400 கிராம்"னு எழுதியிருப்பாங்க, ஆய்வுக்கு வர்றவர் முதல்ல பார்க்குறதே அதைத்தான். வண்டிக்காரர் குடுக்குற ரசீதுல மூணு பை, ரிஜிஸ்டர்ல அஞ்சு பைன்னா மீதி ரெண்டு எங்கன்னு கேள்வி வரும். ஒரு சின்ன தொங்கு தராசு வாங்கி, கட்டுன உடனே கலர் வாரியா எடை போட்டு எழுதி, பார்கோடு ஒட்டி, ரசீதை அதே பக்கத்துல பின் பண்ணிடுங்க, அஞ்சு நிமிஷ வேலை. இதையெல்லாம் அஞ்சு வருஷம் வச்சிருக்கணும். போன வருஷம் ஜனவரி முதல் டிசம்பர் வரைக்குமான கணக்கை ஜூன் 30க்குள்ள படிவம் 4ல அனுப்பணும். பெட்டே இல்லாத கிளினிக்தானேன்னு அனுமதி வாங்காம இருக்குறதும் தப்பு, பெட் இல்லாத இடத்துக்கு ஒரே ஒரு தடவை வாங்குனா போதும்.

கடைசியா, யார்கிட்ட குடுக்குறோம்ங்கறது. 75 கிலோமீட்டருக்குள்ள பொது சுத்திகரிப்பு நிலையம் இருந்தா நம்ம வளாகத்துல எரிக்கவோ புதைக்கவோ கூடாது. சலைன் பாட்டிலைப் பழைய பேப்பர்காரர்கிட்ட போடுறதும், கம்மி காசுக்கு எடுக்குறேன்னு வர்ற யாரோ ஒருத்தர்கிட்ட குடுக்குறதும் வேண்டாம். 2024 டிசம்பர்ல கேரளாவுலேர்ந்து வந்த மருத்துவக் கழிவு திருநெல்வேலி பக்கம் கொட்டிக் கிடந்தப்போ, அதுக்குள்ள இருந்த காகிதங்களை வச்சே எந்த ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததுன்னு கண்டுபிடிச்சாங்க, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி கேரளாவே வந்து அள்ளிட்டுப் போச்சு. நம்ம பை வாசலைத் தாண்டிப் போன பிறகும் அதுல இருக்குற நோயாளி சீட்டுல நம்ம கிளினிக் பேர்தான் இருக்கும், அதனால வண்டி ஏத்துறதுக்கு முன்னாடி டிரைவர்கிட்ட நிலையத்தோட அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்க, ரசீது குடுக்காம பை எடுக்க வந்தா குடுக்காதீங்க.