தானியங்கிப் பதிவு நின்றுபோனால் சக ஊழியருக்கு ஒரு பக்கக் குறிப்பு

ஃபேஸ்புக் பக்கத்துக்கு, செயலிகளை இணைத்து வேலைகளைத் தானாகச் செய்யவைக்கும் ஸேப்பியர் சேவை வழியாகப் பதிவு போடுகிறீர்களா? நீங்கள் விடுப்பில் இருக்கும்போது அது நின்றால், நிரல் அறியாத சக ஊழியர் சரிசெய்ய, என்ன செய்ய வேண்டும் என்று படிப்படியாகச் சொல்லும் ஒரு பக்க ரன்புக் எழுதி வையுங்கள்.

அதன் முதல் வரி "மீண்டும் இயக்கு" என்று இருக்கக் கூடாது. "முதலில் ஃபேஸ்புக் பக்கத்தைத் திறந்து, பதிவு ஏற்கெனவே வந்திருக்கிறதா என்று பாருங்கள்" என்றே இருக்க வேண்டும். பதிவு வெளியான பிறகும், பதில் வரத் தாமதமானதால் பிழை என்று காட்டுவது உண்டு. அப்போது மறுபடி இயக்கினால் ஒரே பதிவு இரண்டு முறை வந்துவிடும்.

பதிவு வரவில்லையென்றால், ஸேப்பியரில் ஒவ்வொரு இயக்கமும் பதிவாகும் Zap History-யில் பிழைச் செய்தியைப் படிக்கச் சொல்லுங்கள். திரையில் வரும் சொற்களை அப்படியே குறிப்பில் எழுதுங்கள்:

```
Error validating access token
```

இது வந்தால் அனுமதி காலாவதியாகிவிட்டது என்று பொருள். யாரோ ஃபேஸ்புக் கடவுச்சொல்லை மாற்றியிருந்தாலும் இப்படி நடக்கும். பக்கத்தின் நிர்வாகியாக உள்ளவரே ஸேப்பியரில் Reconnect அழுத்தி ஃபேஸ்புக்கில் உள்நுழைய வேண்டும். அவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அங்கேயே எழுதிவிடுங்கள். பிறகுதான் Replay அழுத்தி, நின்றுபோனதை மீண்டும் இயக்க வேண்டும்.

வேறு எந்தச் செய்தி வந்தாலும் எதையும் தொடாமல், அன்றைய பதிவைக் கையால் போட்டுவிட்டு, திரையைப் படமெடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.