எறிந்த பந்தும் பருவக்காற்றும்: பூமியின் பக்கவாட்டுத் தள்ளலைக் கணக்கிடும் முறை

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டமொன்றின் திடலில் ஒருவர் பந்தை வடக்கு நோக்கி எறிகிறார். அது நேராகச் சென்று விழுவதாகவே நமக்குத் தெரிகிறது. ஆனால், அந்தத் தோட்டத்தின் மேல் டிசம்பரில் வீசும் காற்று, வடக்கிலிருந்து புறப்பட்டும் வடகிழக்கிலிருந்து வந்து சேர்கிறது. இரண்டின் மீதும் செயல்படுவது பூமியின் சுழற்சியால் எழும் கொரியோலிஸ் விளைவுதான். ஒன்றில் அது தெரியாமலும் மற்றொன்றில் தெளிவாகவும் இருப்பது ஏன் என்பதை ஒரு சிறு கணக்கால் நாமே கண்டறியலாம்.

முதல் படி: தரை எவ்வளவு திரும்புகிறது?

வட துருவத்தில் நிற்பவரின் காலடித் தரை, மேலிருந்து பார்த்தால், ஒரு நாளில் இடஞ்சுழியாக ஒரு முழுச் சுற்று திரும்பும். நிலநடுக்கோட்டில் அது கிழக்கே நகருமே தவிர, அவ்வாறு திரும்பாது. இடைப்பட்ட இடங்களில் திரும்பும் அளவு அட்சரேகையின் சைன் மதிப்பைப் பொறுத்தது. சுங்கை சிப்புட் ஏறத்தாழ 5° வடக்கில் உள்ளது. Sin 5° என்பது 0.087. ஆகவே, நம் தரை ஒரு நாளில் சுமார் 31° மட்டுமே திரும்புகிறது.

இங்கே தொடக்கநிலையினர் கவனமாக இருக்க வேண்டும். கணிப்பான் பாகைக்குப் பதிலாக ரேடியனில் இருந்தால், sin 5 என்பதற்கு −0.96 என்ற விடை வரும். குறைக்குறியைக் கண்டாலே தவறு நேர்ந்துவிட்டதென்று அறியலாம்.

இரண்டாம் படி: விலகலைக் கணக்கிடுதல்

பந்து நேராகப் பறக்கும் நேரத்தில் அதன் கீழே தரை இடப்பக்கம் திரும்புவதால், தரையில் நிற்கும் நமக்குப் பந்து வலப்பக்கம் விலகுவதுபோல் தோன்றும். அந்த விலகலின் அளவு இதுதான்:

```
d = x × Ω × sin φ × t
```

இதில் x கடந்த தூரம், t பயண நேரம், φ அட்சரேகை. Ω என்பது பூமியின் சுழற்சி வேகம்; அது விநாடிக்கு 0.0000729 ரேடியன்.

பந்து 2 விநாடியில் 40 மீட்டர் செல்வதாகக் கொள்வோம். 40 × 0.0000729 × 0.087 × 2 என்று பெருக்கினால், ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கிடைக்கும். பந்து மேலேறி இறங்குவதாலும் மேற்கே சுமார் ஒரு மில்லிமீட்டர் விலகல் உண்டு. அது இந்தச் சூத்திரத்தில் அடங்காது. இரண்டையும் சேர்த்தாலும், திடலில் வீசும் இளங்காற்றே பந்தை அதைவிடப் பன்மடங்கு தள்ளிவிடும் என்பதால், விலகலை அளந்து காட்ட இயலாது.

இப்போது அதே சூத்திரத்தைக் காற்றுக்குப் பயன்படுத்துவோம். விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் 6 மணி நேரம் செல்லும் காற்று 216 கிலோமீட்டரைக் கடக்கிறது. நேரத்தை 21,600 விநாடியாக மாற்றிப் பெருக்கினால், விலகல் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் ஆகிறது. காற்றின் வேகம் பந்தின் வேகத்தில் பாதிதான் என்பதைக் கவனிக்க வேண்டும். விலகலுக்கும் கடந்த தூரத்துக்கும் உள்ள விகிதத்தை எடுத்தால், அதில் வேகம் இடம்பெறுவதே இல்லை. அட்சரேகையும் நேரமும் மட்டுமே எஞ்சுகின்றன. பந்து இரண்டே விநாடியில் விழுந்துவிடுகிறது, காற்றோ நாள்கணக்கில் பயணத்தைத் தொடர்கிறது. என் பார்வையில் இந்தக் கணக்கின் உயிர்நாடி இதுவே.

இச்சூத்திரம் சில மணி நேரத்துக்கே பொருந்தும். ஒரு நாளுக்கு மேல் சென்றால் காற்றின் திசையே பெரிதும் மாறிவிடுவதோடு, வழியில் அட்சரேகையும் மாறும்.

மூன்றாம் படி: காற்றை எது நகர்த்துகிறது?

காற்றைக் கிடையாக நகர்த்துவது அழுத்த வேறுபாடு. 100 கிலோமீட்டருக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது வானிலையில் வழக்கமான வேறுபாடு. அது தரும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நடு அட்சரேகைகளில் கொரியோலிஸ் தள்ளலும் ஏறத்தாழ அதே அளவில் இருப்பதால், அங்கே காற்று உயர் அழுத்தத்திலிருந்து தாழ்வழுத்தத்துக்கு நேரே பாயாமல், தாழ்வழுத்த மையத்தைச் சுற்றி வீசுகிறது.

நமது வட்டாரத்தில் அந்தத் தள்ளல் மெலிந்தது. ஆனாலும், சைபீரிய உயர் அழுத்தப் பகுதியிலிருந்து தெற்கே வரும் காற்று நெடுந்தொலைவு கடப்பதால், வலப்பக்கம் திரும்பி வடகிழக்குப் பருவக்காற்றாக நம்மை அடைகிறது. தென் அரைக்கோளத்திலிருந்து நிலநடுக்கோட்டைத் தாண்டி வரும் காற்று, அதே வலப்பக்கத் திருப்பத்தால் தென்மேற்குப் பருவக்காற்றாகிறது.

நிலநடுக்கோட்டுக்கு 5°-க்குள் புயல்கள் அரிதாகவே உருவாவதற்கும் இந்த மெலிவே முதன்மைக் காரணம். 2001 டிசம்பர் 27-இல் ஏறத்தாழ 1.5° வடக்கில் உருவாகி ஜொகூரைத் தாக்கிய வமேய் புயல் ஓர் அரிய விதிவிலக்கு. போர்னியோ அருகே ஏற்கெனவே இருந்த காற்றுச் சுழலும் தென்சீனக் கடல் வழியே வீசிய வலுவான வடகிழக்குக் காற்றும் சேர்ந்து, அங்கே பூமியின் சுழற்சியால் தர இயலாத சுழற்சியை அதற்குத் தந்தன.