காரின் பின்கதவு இரண்டு பக்கமும் திறக்கவில்லையா? லாட்ச்சைக் குறை சொல்லும் முன்

பின்கதவு உள்ளிருந்தும் திறக்கவில்லை, வெளியிலிருந்தும் திறக்கவில்லை என்றால் “லாட்ச் போயிடுச்சு” என்று சொல்லிவிடுவார்கள். சில சமயம் அது உண்மைதான். ஆனால் மலைப்பக்கம் ஓடும் வண்டிகளில் இன்னொன்றையும் அடிக்கடி பார்க்கலாம். கதவைப் பிடித்து வைக்கும் லாட்ச் நன்றாக இருக்கும். உள்ளே சைல்டு லாக் போட்டிருக்கும், வெளியே ஹேண்டிலை லாட்ச்சோடு இணைக்கும் ராடின் கிளிப் விட்டிருக்கும். இரண்டும் ஒரே கதவில் சேர்ந்ததால் கதவு செத்துப்போன மாதிரி தெரியும்.

கோத்தகிரியில் வாடகைக்கு ஓடும் ஒரு காரில் இதுதான் நடந்தது. சுற்றுலா வருகிறவர்களின் குழந்தைகள் வளைவில் கதவைத் திறந்துவிடக் கூடாதென்று இடது பின்கதவில் எப்போதும் சைல்டு லாக் போட்டு வைத்திருந்தார் ஓட்டுநர். சைல்டு லாக் உள் ஹேண்டிலை மட்டும்தான் செயலிழக்க வைக்கும். அதனால் அந்தக் கதவு வெளி ஹேண்டிலை மட்டுமே நம்பி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் வெளி ஹேண்டிலும் கைவிட்டது.

அவர் செய்த முதல் தவறு, வெளி ஹேண்டிலை முழு பலத்தோடு இழுத்தது. அது பிளாஸ்டிக். ஒரு ரூபாய் நாணயம் அளவுகூட இல்லாத ஒரு கிளிப்போடு முடிய வேண்டிய வேலையில் ஹேண்டிலும் உடைந்தது. இழுப்பதற்கு முன் கை என்ன சொல்கிறது என்று கவனித்திருக்க வேண்டும். வெளி ஹேண்டில் எந்தப் பிடிப்பும் இல்லாமல் தொளதொளவென்று வந்தால் ராடோ கிளிப்போ விட்டிருக்கிறது. எவ்வளவு இழுத்தாலும் பயனில்லை. வழக்கமான இறுக்கம் இருந்தும் திறக்கவில்லை என்றால்தான் லாட்ச்சையோ, லாக்கைத் தள்ளும் ஆக்சுவேட்டரையோ சந்தேகப்பட வேண்டும். அப்போது ஒருவர் கதவை லாட்ச் இருக்கும் இடத்தில் உள்நோக்கி அழுத்த, இன்னொருவர் லாக்கைப் போட்டு எடுத்து ஹேண்டிலை மெதுவாக இழுத்துப் பாருங்கள். கிரீஸ் கெட்டியாகி ஒட்டிக்கொண்ட லாட்ச் இதில் விடுவதுண்டு.

உள் ஹேண்டிலை வைத்து முடிவு கட்டுவது இரண்டாவது தவறு. சைல்டு லாக் போட்டிருந்தால் பல கார்களில் உள் ஹேண்டில் சும்மா ஆடும். அதை லாட்ச்சோடு இணைக்கும் கேபிள் அறுந்தாலும் அப்படித்தான் ஆடும். சைல்டு லாக்கின் சின்ன நெம்புகோல் கதவின் ஓரத்தில் இருப்பதால், கதவு மூடியிருக்கும்போது அதைத் தொடவும் முடியாது. ஆகவே கதவு திறக்கும்வரை கேபிளைப் பற்றி எதுவும் சொல்லிவிட வேண்டாம்.

சரி, மூடிய கதவை எப்படித் திறப்பது? கம்பி விட்டு நெம்பினால் ரப்பரும் பெயிண்டும் போகும். கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் டோர் பேடைக் கழற்றுவதே வழி. பின்சீட்டை எடுத்துவிட்டால் கை நுழைய இடம் கிடைக்கும். ஹேண்டில் குழிக்குள்ளும் கைப்பிடிக் குழிக்குள்ளும் இருக்கும் ஸ்க்ரூக்களை எடுத்த பிறகே பேடை ஓரத்தில் நெம்ப வேண்டும். ஒளிந்திருக்கும் ஒரு ஸ்க்ரூவை விட்டால் பேட் பிளந்துவிடும். பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிக்காமல் ஓரமாக உரித்து, கையை உள்ளே விட்டு, வெளி ஹேண்டிலிலிருந்து லாட்ச்சுக்கு இறங்கும் ராடைத் தேடுங்கள். லாக் திறந்த நிலையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, லாட்ச்சில் அந்த ராடு சேரும் நெம்புகோலை அசைத்தால் கதவு திறக்கும். சைல்டு லாக் இதைத் தடுக்காது. கோத்தகிரி வண்டியில் ராடு கிளிப்பிலிருந்து நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது.

கதவு திறந்த சந்தோஷத்தில் உடனே சாத்திப் பார்ப்பவர்களுக்கு இரண்டாவது தடவையும் அதே வேலைதான். கதவைத் திறந்தே வைத்து, நழுவிய ராடைக் கிளிப்பில் மாட்டிவிட்டு, லாட்ச்சின் நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் சாத்திய நிலைக்குத் தள்ளுங்கள். வெளி ஹேண்டிலை இழுத்தால் நாக்கு பட்டென்று விட வேண்டும். அப்புறம் சைல்டு லாக்கை எடுத்துவிட்டு, மறுபடி நாக்கைத் தள்ளி, உள் ஹேண்டிலையும் பாருங்கள். அப்போதும் உள் ஹேண்டில் சும்மா ஆடினால்தான் கேபிள் பிரச்சினை. அதிலும் உள்கம்பி அறுந்திருக்கிறதா, மேலுறை தன் பிடியிலிருந்து நழுவியிருக்கிறதா என்று பாருங்கள். நழுவியதைத் திரும்ப மாட்டினாலே போதும். நாக்கைச் சாத்திய நிலையிலேயே விட்டுவிட்டுக் கதவை அடித்துச் சாத்தினால் லாட்ச் உண்மையிலேயே போய்விடும்.

நாக்கு மந்தமாக விடுகிறதென்றால் ஸ்ப்ரே ஆயில் மட்டும் அடித்து விடாதீர்கள். அது அழுக்கோடு பழைய கிரீஸையும் கழுவிவிடும். அப்புறம் குன்னூர் மூடுபனியின் ஈரத்தில் துரு சுலபமாக ஏறும். துடைத்துவிட்டு வெள்ளை கிரீஸ் தடவுங்கள். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழுந்த காலையில் கதவு ஒட்டிக்கொண்டால் அது வேறு கதை. ரப்பர் உறைந்திருக்கும். கொதிநீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடலாம். வெயில் ஏறும்வரை விட்டுவிடுவதே மேல்.

பேடை மாட்டும் முன் அந்த பிளாஸ்டிக் ஷீட்டை விளிம்பு முழுக்க ஒட்டுங்கள். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீரைத் தடுப்பது அதுதான். ஓரிடத்தில் விட்டாலும், கூடலூர் மழையில் சீட்டுக்குக் கீழே கார்பெட் நனைந்து நாறத் தொடங்கும்.