ஊர்கிற பிளவு, உடைகிற பிளவு: நாம் எங்கே தவறுகிறோம்

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் நிலம் லேசாக அதிர்ந்தது. அளவு 3.5-ஐ ஒட்டி. அப்போது டீக்கடை முதல் பள்ளிக்கூடம் வரை எல்லோரும் சொன்ன ஆறுதல் ஒன்றுதான்: "சின்னச் சின்னதாக வந்து அழுத்தம் தீர்ந்துவிட்டால் பெரியது வராது." கேட்க நன்றாக இருக்கிறது, கணக்குதான் ஒத்துவரவில்லை. நிலநடுக்க அளவில் ஓர் எண் கூடினால் வெளியாகும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். 6.5 அளவுள்ள ஒரு நடுக்கத்தின் ஆற்றலை 3.5 அளவுள்ளவற்றால் தீர்க்க முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நடுக்கங்கள் வேண்டும். நமக்கு வந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

இது எளிதில் தெளிந்துவிடும் தவறு. இதைவிட ஆழமாக வேரூன்றியது வேறொன்று: நிலத்தடிப் பாறையிலுள்ள பிளவின் இரு பக்கமும் வலுவாகப் பிடித்துக்கொண்டிருந்தால் திடீரென உடையும், வழுவழுப்பாக இருந்தால் மெல்ல ஊரும் என்ற எண்ணம். பாடப்புத்தகம் படித்தவர்கள்கூட இப்படித்தான் நினைக்கிறார்கள். உராய்வு எவ்வளவு என்பது இதைத் தீர்மானிப்பதில்லை. வழுக்கும் வேகம் கூடும்போது உராய்வு கூடுகிறதா குறைகிறதா என்பதே தீர்மானிக்கிறது.

வேலூர் மாவட்டத்தில் கிரானைட் துண்டுக்குப் பஞ்சமில்லை. மெருகு போடாத ஒரு பலகையின் மேல் இரண்டு மூன்று கிலோ எடையுள்ள துண்டொன்றை வைத்து, அதில் சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய நாடாவைக் கட்டி, மறுமுனையை ஓர் உருளைக்கட்டையில் மெல்லச் சுற்றிப் பாருங்கள். நாடா நீள்கிறது, கல் அசையாமல் நிற்கிறது. பிறகு சட்டென்று ஒரு தாவல். நாடா தளர்கிறது, கல் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. இந்த ஒட்டி வழுக்கும் இயக்கம்தான் நிலநடுக்கத்தின் அடிப்படை என்று பிரேஸ், பயர்லி என்ற இருவர் 1966-இல் எடுத்துச் சொன்னார்கள்.

கல் நிற்கும்போது என்ன நடக்கிறது? இரண்டு பரப்புகளும் முழுமையாகத் தொடுவதில்லை, சில முனைகளில்தான் தொடுகின்றன. நேரம் போகப்போக அந்த முனைகள் நசுங்கி விரிந்து பிடிப்பை வலுவாக்குகின்றன. வழுக்கத் தொடங்கியதும் பழைய முனைகள் விலகி, வயது குறைந்த புதிய முனைகள் வருகின்றன. வேகம் கூடினால் ஒவ்வொரு முனைக்கும் கிடைக்கும் நேரம் குறைகிறது, பிடிப்பும் குறைகிறது. அதே சமயம் எதிர்த்திசையிலும் ஒரு விளைவு உண்டு: வேகத்தைக் கூட்டிய கணத்தில் முனைகள் சற்று அதிகமாக எதிர்க்கும். இரண்டில் எது வெல்கிறது என்பது கனிமத்தையும் வெப்பநிலையையும் பொறுத்தது. 1979-இல் டீட்டரிக், 1983-இல் ருயினா என்ற ஆய்வாளர்கள் இதைச் சமன்பாடாக எழுதினார்கள்.

வெற்றி தோல்வியின் அளவு வியப்பானது. கிரானைட்டின் உராய்வு எண் சுமார் 0.70. வேகம் பத்து மடங்கானால் அது 0.69 ஆகலாம், 0.71 ஆகவும் ஆகலாம். குறைந்தால் நடுக்கம் பிறக்க வாய்ப்பு உண்டு, கூடினால் ஊர்தல்தான். நூறில் ஒரு பங்கு வித்தியாசம்! ஈரக் கிரானைட் தூளை வைத்துச் செய்த சோதனைகளில், சுமார் 100 முதல் 350 டிகிரி செல்சியஸ் வரை உராய்வு வேகத்தோடு குறைகிறது. அதற்கு மேல் சூடானால் கூடுகிறது. கண்டங்களின் நடுக்கங்கள் பெரும்பாலும் மேலோட்டின் மேற்பகுதியிலேயே தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்த தவறு, பாறையை மட்டும் பார்த்து அதை இழுப்பதை மறந்துவிடுவது. ரப்பர் நாடாவுக்குப் பதில் இரும்புக் கம்பியைக் கட்டிச் சுற்றினால் அதே கல் கிட்டத்தட்ட தாவாமல் நகரும். கல் சற்று முந்தினாலே கம்பியின் இழுவிசை விழுந்துவிடுகிறது; உராய்வு குறையும் வேகத்தைவிட இழுவிசை வேகமாகக் குறைந்தால் தாவ முடியாது. பூமிக்குள் இந்த நாடாவின் வேலையைச் சுற்றியுள்ள பாறையே செய்கிறது. வழுக்கும் பகுதி சிறியதாக இருந்தால் சுற்றுப்பாறை கம்பியைப் போல விறைப்பு, பெரியதாக இருந்தால் நாடாவைப் போல நெகிழ்வு.

இதைத் தோராயமாகக் கணக்கிடலாம். பாறையின் விறைப்பு 30 கிகாபாஸ்கல், முனைகள் புதுப்பிக்கப்படத் தேவையான நகர்வு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, பிளவை அழுத்தும் விசை 100 மெகாபாஸ்கல், வேகத்தால் உராய்வு குறையும் அளவெண் 0.004 என்று கொள்வோம். முதல் இரண்டின் பெருக்கலைப் பின்னிரண்டின் பெருக்கலால் வகுத்தால் 7.5 மீட்டர். அதாவது வழுக்கும் திட்டு சுமார் ஒரு வீட்டு மனை அகலத்துக்கு வளரும் வரை சத்தமில்லாமல் ஊரும், அதைத் தாண்டினால்தான் பாய முடியும். பிளவில் நீரழுத்தம் கூடினால் அழுத்தும் விசை குறைகிறது, இந்த எல்லை பெரிதாகிறது. நீர் புகுந்தால் உடனே வெடிக்கும் என்று எல்லா இடத்திலும் சொல்ல முடியாமல் போவது இதனால்தான்: அது பிளவை நகரத் தூண்டும், ஆனால் அந்த நகர்வை மெதுவாகவும் ஆக்கலாம்.

இப்போது கல்லுக்கும் பலகைக்கும் இடையில் டால்க் கலந்த முகப்பவுடரைத் தூவிவிட்டு, மீண்டும் ரப்பர் நாடாவால் இழுங்கள். தாவல் அடங்கிவிடும். கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் நடுப்பகுதி ஆண்டுக்கு மூன்று சென்டிமீட்டர் வரை ஊர்வதற்கும் இதே வகைக் காரணம்தான். பார்க்ஃபீல்டுக்கு அருகே துளையிட்டு, சுமார் 2.7 கிலோமீட்டர் ஆழத்தில் பிளவிலிருந்து எடுத்த மண்ணில் சப்போனைட் என்னும் களிமண் கனிமம் நிறைய இருந்தது. அதன் உராய்வு எண் 0.2-க்கும் கீழே. ஆனால் அது ஊர்வது பலவீனமாக இருப்பதால் அல்ல, வேகம் கூடினால் அதன் உராய்வும் கூடுவதால்.

ஊர்கிற பிளவு ஆபத்தற்றது என்று நினைப்பதுதான் உயிரோடு விளையாடும் தவறு. அதே கலிபோர்னியாவில் பெர்க்லி வழியாகப் போகும் ஹேவர்டு பிளவு தரைமட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் ஊர்கிறது. நடைபாதைக் கற்கள் விலகுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் நீண்டகாலச் சராசரி நகர்வு ஆண்டுக்குச் சுமார் 9 மில்லிமீட்டர். மேலே ஊர்ந்தாலும் கீழே சில பகுதிகள் பூட்டிக்கிடக்கின்றன. அதே பிளவுதான் 1868-இல் உடைந்து பெரும் சேதம் செய்தது. அதற்குப் பின் முற்றிலும் பூட்டிக்கிடந்த ஓர் இடத்தில், 150 ஆண்டுகளுக்கு 9 மில்லிமீட்டர் வீதம் கிட்டத்தட்ட 1.35 மீட்டர் நகர்வு பாக்கி சேர்ந்திருக்கும். பிளவைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி ஊர்கிறதா என்பதல்ல. எவ்வளவு ஆழம் வரை ஊர்கிறது, வர வேண்டியதில் எவ்வளவு வந்திருக்கிறது என்பதே.

கடைசியாக, சுவர் விரிசல். 2021-க்குப் பிறகு வேலூர்ப் பக்கம் வீட்டில் விரிசல் கண்டவர்கள் சிலர் "பூமி ஊர்கிறது" என்று பதறினார்கள். ஊர்கிற பிளவுகள் பெரும்பாலும் பூமியின் மேலோட்டுத் தட்டுகளின் எல்லையில், ஆண்டுக்கு மில்லிமீட்டர் கணக்கில் நகரும் இடங்களில் அளக்கப்பட்டவை. நம்முடையது தட்டின் உட்பகுதியிலுள்ள பழைய பாறை நிலம். பிளவு ஊர்ந்தால் விரிசல் ஒரு வீட்டோடு நிற்காது. தெருவையும் கால்வாயையும் பக்கத்து மதிலையும் ஒரே கோட்டில் வெட்டி, எல்லாவற்றையும் ஒரே பக்கமாகத் தள்ளும், ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகும். கோடையில் விரிந்து மழையில் மூடுகிற விரிசல் ஏரிமண்ணின் வேலை. விரிசலின் இரு பக்கமும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, அளவையும் தேதியையும் சுவரிலேயே எழுதி ஓராண்டு பாருங்கள். இடைவெளி பருவத்தோடு கூடிக் குறைந்தால் அழைக்க வேண்டியது அஸ்திவாரம் பார்க்கத் தெரிந்த கட்டடப் பொறியாளரை.