கடை விலையும் ஆன்லைன் விலையும் ஒன்றாக இருக்க என்ன செய்யலாம்: ஒரு பலகாரக் கடைக் கணக்கு

பத்து வருஷமாக வாங்குகிறவர் கல்லாவில் நின்று, "ஏம்மா, நான் 120 கொடுக்கிறேன், போனில் 108-னு போட்டிருக்கீங்களே" என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். 12 ரூபாயை விட, தெரியாதவருக்குக் குறைத்துவிட்டுத் தன்னிடம் முழுசாக வாங்குகிறோம் என்பதுதான் அவரை உறுத்தும். மிக்சர், முறுக்கு விற்கும் சின்னக் கடையை வைத்தே பார்க்கலாம். ரூபாய்க் கணக்கெல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. முதலில் ஒரே பொருளைத்தான் ஒப்பிடுகிறோமா என்று பாருங்கள்

கடையில் மிக்சரைக் கிலோ 400 என்று நிறுத்துக் கொடுக்கிறோம், அதாவது கால் கிலோ 100. ஆன்லைனில் போவதோ கவரில் அடைத்து, லேபிள் ஒட்டி, சீல் வைத்த 250 கிராம் பாக்கெட், 120 ரூபாய். நமக்கு வித்தியாசம் தெரியும், வாடிக்கையாளருக்கு எப்படித் தெரியும்? அதனால் அதே பாக்கெட்டைக் கடை அலமாரியிலும் 120-க்கே வையுங்கள், பக்கத்தில் நிறுத்துக் கொடுக்கும் விலையையும் எழுதி வையுங்கள். இரண்டையும் ஒரே இடத்தில் பார்த்துவிட்டால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

2. பொருள் விலையில் கூரியரைக் கலக்காதீர்கள்

நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான். 'டெலிவரி இலவசம்' என்று போட ஆசைப்பட்டு 120 ரூபாய்ப் பாக்கெட்டை 170 ஆக்கிவிடுவார்கள். பாக்கெட்டில் எம்ஆர்பி 120 என்று அச்சடித்திருந்தால் அதற்கு மேல் விற்கவே கூடாது, அது சட்டம். சரி, ஆன்லைனுக்கு மட்டும் வேறு எம்ஆர்பி அடிக்கலாமா என்றால், ஒரே பாக்கெட்டுக்கு இரண்டு எம்ஆர்பி போட்டாலும் சட்டச் சிக்கல்தான். பொருள் 120, டெலிவரிக் கட்டணம் பில்லில் தனியாக. அவ்வளவுதான்.

அந்த டெலிவரித் தொகையைச் சரியாகக் கணக்குப் போட வேண்டும். பலகாரம் எடை குறைவு, இடம் அதிகம் அடைக்கும். கூரியர்காரர்கள் தராசு எடையோடு பெட்டியின் அளவையும் பார்ப்பார்கள்: நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கிப் பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள், இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. 30 × 20 × 15 பெட்டி என்றால் 9000, வகுத்தால் 1.8 கிலோ. உள்ளே இருப்பதோ நாலு பாக்கெட், ஒரு கிலோ மிக்சர். இந்த 800 கிராம் நம் லாபத்தைத் தின்னும்போதுதான் பொருள் விலையில் கை வைக்கத் தோன்றும். விலையை ஏற்றாதீர்கள், பெட்டியைச் சின்னதாக்குங்கள். இரண்டு பாக்கெட் அரை கிலோதானே என்று அரை கிலோ கட்டணம் போடுவதும் தப்பு, அட்டைப்பெட்டியின் எடை சேர்ந்தாலே அடுத்த கட்டணத்துக்குத் தாவிவிடும்.

3. பெரிய விற்பனைத் தளங்களில் எல்லாவற்றையும் போடாதீர்கள்

தளம் 15 சதவீதம் கமிஷன் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 120-க்கு 18 ரூபாய், அந்தக் கமிஷன் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், மொத்தம் 21 ரூபாய் 24 காசு. பாக்கெட்டின் அடக்கம் 85 என்றால் கையில் நிற்பது 14 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே, அதில் அட்டைப்பெட்டியும் டேப்பும் வாங்க வேண்டும். கட்டுப்படியாகாத பாக்கெட்டை அங்கே போடாமல் விடுவதே நல்லது என்பேன். தபாலில் போவதற்கென்றே பெட்டியோடு செய்த பரிசுப் பொட்டலம் மாதிரி ஒன்றை மட்டும் அங்கே போட்டு, அதையும் கடையில் அதே விலைக்கு வையுங்கள்.

4. தள்ளுபடி எல்லோருக்கும்

மேலே சொன்ன 108 எப்படி வந்தது? முதல் ஆர்டருக்குப் பத்து சதவீதக் கூப்பன். புதிதாக வருகிறவருக்கு மட்டும் கொடுக்கும் சலுகைதான் பழையவரைக் கோபப்படுத்தும். அதற்குப் பதில் 'நாலு பாக்கெட் வாங்கினால் 450' என்று வைத்து, கடையிலும் அதையே எழுதி ஒட்டுங்கள். அப்புறம், விழாக்காலத்தில் சில தளங்களின் சலுகைகளில் நம் பொருளும் சேர்ந்திருக்கும், விற்பனையாளர் பக்கத்தில் போய் அதைப் பாருங்கள், வேண்டாமென்றால் விலகிக்கொள்ளுங்கள்.

5. ஒரே விலைப்பட்டியல்

கூகுள் ஷீட்டில் A-யில் பொருள், B-யில் கடை விலை, C-யில் நம் இணையதளம், D-யில் வாட்ஸ்அப் கேட்டலாக். E-யில் இது:

```
=IF(AND(B2=C2,B2=D2),"சரி","பார்")
```

வாட்ஸ்அப்பில்தான் பழைய விலை அப்படியே கிடக்கும், வாரம் ஒரு தடவை போனைத் திறந்து பார்த்து ஷீட்டில் எழுதுங்கள். கல்லாவில் யாராவது குறைந்த விலையைக் காட்டினால் வாதாட வேண்டாம், அந்த விலைக்கே கொடுத்துவிட்டு எந்தப் பக்கத்தில் பார்த்தார் என்று குறித்துக்கொள்ளும்படி கடைப்பையன்களிடம் சொல்லி வையுங்கள்.

6. விலை ஏற்றும் நாள்

எண்ணெயும் கடலைமாவும் ஏறி, 120-ஐ 130 ஆக்க வேண்டும். பழைய எம்ஆர்பி அச்சடித்த பாக்கெட் கைவசம் இருக்கும்வரை அது எல்லா இடத்திலும் 120-க்குத்தான் போக வேண்டும். அது தீர்ந்த அன்று ராத்திரி, கடை அடைத்த பிறகு ஒரே மூச்சில் பில் மெஷின், அலமாரிச் சீட்டு, இணையதளம், வாட்ஸ்அப், விற்பனைத் தளம் எல்லாவற்றிலும் மாற்றுங்கள். அதற்கு முன் வந்த ஆர்டர்களுக்குப் பழைய விலைதான், அதற்காகக் கொஞ்சம் பழைய பாக்கெட்டைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.