இறக்கத்தில் ட்ரெக்கிங் ஸ்டிக்: முட்டிக்கு உதவாமல் போகும் தவறுகள்

மலை இறங்கும்போது கடைசி ஆளாக வருகிறவருக்கு ஒரு வசதி உண்டு. முன்னால் போகிற எல்லோருடைய காலும் ஸ்டிக்கும் தெளிவாகத் தெரியும். இரண்டு கையிலும் நல்ல ஸ்டிக் வைத்துக்கொண்டு, பாதி இறக்கத்திலேயே முட்டியைத் தேய்த்தபடி உட்கார்ந்துவிடுகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். தொடக்கத்தில் எல்லோரும் செய்கிற அதே தப்புகள்தான். போகப்போகத் தானாகச் சரியாகிவிடுபவற்றை விட்டுவிடுகிறேன். சொல்லிக்கொடுக்காமல் சரியாகாதவை மட்டும் இங்கே.

கால் போன பிறகு ஸ்டிக் போவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். கால் கீழ்ப் படியில் இறங்கிவிடும். அதற்கப்புறம் ஸ்டிக் வந்து குதிகாலுக்குப் பக்கத்தில் ‘டக்’ என்று விழும். பார்க்க ஸ்டிக் வைத்து நடப்பது போலவே இருக்கும். முட்டிக்கு ஒரு பயனும் இல்லை.

காரணம் எளிது. உயரமான ஒரு படியிலிருந்து இறங்கும்போது எந்த முட்டி அதிகம் பாடுபடுகிறது? கீழே போகிற கால் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கீழே போகிற கால் தரையைத் தொடும்போது ஓர் அதிர்ச்சி விழுகிறது, உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே, மேல் படியில் நிற்கும் கால் முழு உடம்பையும் பையையும் தாங்கிக்கொண்டு மெல்ல மடங்கியாக வேண்டும். தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே எடையைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த இழுப்பு முட்டிச் சில்லைத் தொடை எலும்போடு அழுத்துகிறது. படி எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழமாக முட்டி மடங்கும், அழுத்தமும் அவ்வளவு கூடும்.

எனவே மேலே நிற்கும் முட்டி மடங்கத் தொடங்குவதற்கு முன்பே ஸ்டிக் கீழே ஊன்றப்பட்டு, அதன் மேல் எடை ஏறியிருக்க வேண்டும். காலுக்குப் பிறகு வரும் ஸ்டிக் இரண்டு காலுக்கும் உதவாது. மேல் முட்டி தன் வேலையை முடித்துவிட்டது, கீழ்க் கால் அதிர்ச்சியை வாங்கிவிட்டது.

ஒருமுறை கல் படிகளாக இறங்கும் ஒரு பாதையில் எனக்கு முன்னால் போன பெண் கொஞ்ச நேரத்தில் பக்கவாட்டில் திரும்பித் திரும்பி இறங்க ஆரம்பித்தார். முட்டி தாங்கவில்லை என்பதற்கு அது நிச்சயமான அறிகுறி.

“ஸ்டிக் வச்சும் இப்படி வலிக்குதேண்ணா, இதனால என்னதான் பிரயோஜனம்?” என்றார்.

“நடக்கும்போது சத்தத்தைக் கேளும்மா. முதல்ல ஷூ சத்தமா, ஸ்டிக் சத்தமா?”

நாலு படி இறங்கிவிட்டு அவரே சிரித்துவிட்டார். ஷூதான் முதலில் கேட்டது.

செங்குத்தான படிகளில் நான் சொல்லிக்கொடுக்கும் வரிசை இது. இரண்டு ஸ்டிக்கையும் ஒன்றாகக் கீழ்ப் படியில், தோள் அகலத்துக்கு, கால் இறங்கப்போகும் இடத்துக்குச் சற்று முன்னால் ஊன்றுங்கள். மார்பை லேசாக முன்னே கொண்டுபோய் ஸ்டிக்கின் மேல் எடையை ஏற்றுங்கள். அதன் பிறகு ஒரு கால், அப்புறம் மறு கால். சரிவு குறைந்த இடத்தில் ஒன்றுவிட்டு ஒன்று ஊன்றலாம், வலது காலுக்கு இடது ஸ்டிக் என்று. அங்கேயும் ஸ்டிக் காலுக்குப் பின்னால் வரக் கூடாது.

முன்னால் ஊன்றுவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பயத்தில் எல்லோரும் பின்னால் சாய்கிறார்கள். சாய்ந்தால் எடை முட்டிக்கு வெகு பின்னால் போய் அதன் சுமை கூடுகிறது, கால் வழுக்கவும் செய்கிறது. முன்னால் ஊன்றிய ஸ்டிக் உடம்பைக் கால்களுக்கு மேலே கொண்டுவந்து நிறுத்துகிறது. 1999-இல் வெளியான ஓர் ஆய்வில் 25 டிகிரி சரிவில் ஸ்டிக்கோடும் இல்லாமலும் இறங்க வைத்து அளந்தார்கள். முட்டியில் விழும் விசை ஏறத்தாழ 12 முதல் 25 சதவீதம் வரை குறைந்தது. கையால் தாங்கிய எடையோடு, உடம்பு முன்னால் சாய்ந்ததையும் அவர்கள் காரணமாகச் சொன்னார்கள்.

சரியாகச் செய்கிறீர்களா என்பதை மறுநாள் மேற்கையின் பின்புறத் தசை சொல்லிவிடும். அங்கே கொஞ்சம்கூட அலுப்பு இல்லையென்றால் ஸ்டிக்கின் மேல் எடையே ஏறவில்லை.

சமதள நீளத்திலேயே இறங்குவது

ஸ்டிக் தாமதமாக வருவதற்குப் பாதிக் காரணம் நீளம்தான். 170 செ.மீ. உயரமுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஷூ போட்டுச் சமதளத்தில் நின்று, முனையைக் கால் பக்கத்தில் ஊன்றிப் பிடித்தால் முழங்கை செங்கோணமாக மடங்க வேண்டும். அவருக்கு அது ஏறக்குறைய 115 செ.மீ. வரும்.

இப்போது அவர் முன் 35 செ.மீ. ஆழப் படி. முனையைக் கீழே வைத்தால் கைப்பிடி அவர் நிற்கும் மட்டத்திலிருந்து 80 செ.மீ. உயரத்தில்தான் இருக்கும். கையைத் தொங்கப் போட்டால் முஷ்டி இருக்கிற உயரம் கிட்டத்தட்ட அதுதான். முன்னால் வேறு எட்ட வேண்டும் என்பதால் இடுப்பை வளைத்துக் குனிய வேண்டியிருக்கிறது. யாரும் குனிவதில்லை. முதலில் காலை இறக்கிவிட்டு அப்புறம் ஸ்டிக்கை வைக்கிறார்கள்.

அதையே 123 செ.மீ. ஆக்கினால் கைப்பிடி 88-க்கு ஏறுகிறது. முழங்கை சற்று மடங்கியே இருக்கும், அழுத்த முடியும். பொதுவாக 5 முதல் 10 செ.மீ. கூட்டினால் போதும். இன்னும் நீட்டினால் நல்லது என்று 135 வரை போகாதீர்கள். கீழே இறங்கி நிற்கும்போது கைப்பிடி தோள் மட்டத்துக்கு வந்து உங்களையே பின்னால் தள்ளும்.

நீளம் மாற்ற முடியாத ஸ்டிக் என்றால் உள்ளங்கையைக் கைப்பிடியின் உச்சியில் வைத்து அழுத்துங்கள். சில செ.மீ. கிடைத்துவிடும்.

பட்டையை மேலிருந்து மாட்டுவது

கைப்பிடியில் தொங்கும் பட்டைக்குள் கையைக் கீழிருந்து மேலாக நுழைத்து, பட்டையையும் கைப்பிடியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். அப்போது எடை மணிக்கட்டு வழியாகப் பட்டையில் இறங்கும், விரல்களால் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. மேலிருந்து மாட்டினால் எல்லாச் சுமையும் விரலுக்கே. ஆனால் முனை சிக்கிக்கொள்ளக்கூடிய பாறை இடுக்குகளில் பட்டையிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். விழும்போது ஸ்டிக் கையோடு வந்தால் கட்டைவிரலும் மணிக்கட்டும்தான் அடிபடும்.

பூட்டைச் சோதிக்காமல் எடை ஏற்றுவது

நீட்டிப் பூட்டியதும் நின்ற இடத்திலேயே முழு பலத்தோடு கீழே அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால், நெம்புகோல் பூட்டில் பக்கத்துத் திருகைக் கொஞ்சம் இறுக்க வேண்டும். திருகிப் பூட்டும் வகையில் ஈரமும் மண்ணும் உள்ளே புகுந்துவிட்டால் எவ்வளவு திருகினாலும் பிடிக்காது. கழற்றித் துடைத்துக் காயவைக்க வேண்டும். குழாயில் போட்டிருக்கும் கடைசிக் குறியைத் தாண்டி நீட்டவே கூடாது.

ஒரே ஒரு ஸ்டிக்

முட்டி இரண்டு. ஸ்டிக்கும் இரண்டு.

சேற்றில் ரப்பர் மூடி

கழற்றுங்கள். பாறைக்குத்தான் அது.

கை தேவைப்படும் இடத்திலும் ஸ்டிக்

பாறையைப் பிடித்துத் திரும்பி நின்று இறங்க வேண்டிய இடம் வந்தால், ஸ்டிக்கை மணிக்கட்டில் தொங்கவிட்டுக்கொண்டு இறங்காதீர்கள். காலுக்கிடையில் மாட்டும். மடக்கிப் பையில் செருகிவிட்டு இறங்குங்கள், கீழே போய்த் திரும்ப நீட்டும்போது பூட்டை மறுபடியும் அழுத்திப் பாருங்கள்.