முத்து வச்ச ஜிமிக்கிய ஃபோன்ல போட்டோ எடுத்து பேக்ரவுண்ட் நீக்குறது எப்படி

சென்னை பாரிஸ் கார்னர்ல மொத்தமா வாங்கி ஆன்லைன்ல விக்கிறவங்களுக்கு கவரிங் ஜிமிக்கிதான் ரொம்ப படுத்தும், ஏன்னா தங்க கலர் மினுக்கும், கீழ தொங்குற முத்து வெள்ளையா இருக்கும். வெள்ளை சார்ட் மேல வச்சு எடுத்தா பேக்ரவுண்ட் நீக்குற ஆப் முத்தையும் சேர்த்து முழுங்கிடும். அதனால வெளிர் சாம்பல் கலர் சார்ட் வாங்குங்க. நீலம், பச்சைலாம் வேணாம், அந்த கலர் அப்படியே முத்துல அடிக்கும், அப்புறம் எடுக்கவே முடியாது.

முதல்ல இடம். வெயில் நேரா விழாத ஜன்னல் பக்கம் காலைல எடுங்க, வெயில் விழுந்தா ஜன்னல்ல ஒரு வெள்ளை வேட்டிய கட்டிடுங்க. டியூப்லைட்ட கண்டிப்பா ஆஃப் பண்ணுங்க, ரெண்டு வெளிச்சம் கலந்தா ஒரே ஜிமிக்கி ஒரு பக்கம் ஒரு கலர்ல தெரியும்.

அடுத்து, ஜிமிக்கிய படுக்க வைக்காம தொங்க விடுங்க. ரெண்டு பக்கம் புக்க அடுக்கி மேல ஸ்கேல் வச்சு, அதுல மெல்லிசா நூல் கட்டி மாட்டுங்க, சார்ட் ஒரு முழம் பின்னாடி இருக்கட்டும், அப்பதான் நிழல் அதுல விழாது. ஃபேனை நிறுத்துங்க, புழுக்கமாத்தான் இருக்கும், ஆனா ஆடுற ஜிமிக்கி ஷார்ப்பா வராது. ஃப்ரேமுக்குள்ள தெரியாம இடமும் வலமும் கருப்பு அட்டை ஒண்ணு ஒண்ணு நிறுத்துங்க. முத்தோட ஓரத்துல மெல்லிசா ஒரு கருப்பு கோடு விழும், கடைசில வெள்ளை பேக்ரவுண்ட்ல வைக்கும்போது முத்து கரையாம நிக்கிறதுக்கு அந்த கோடுதான் காரணம்.

இப்ப ஃபோன். லென்ஸ துடைச்சிட்டு, கிட்ட போகாம கொஞ்சம் தள்ளி நின்னு 2x-ல எடுங்க, ரொம்ப கிட்ட போனா ஜிமிக்கியோட கீழ்ப்பக்கம் வீங்கின மாதிரி வரும். ஸ்கிரீன்ல தெரியுற ஜிமிக்கி மேல விரல அழுத்தி பிடிச்சா ஃபோகஸ் லாக் ஆகும், தங்கத்துல வெள்ளை திட்டு தெரிஞ்சா வெளிச்சத்த கீழ இழுங்க. 3 செகண்ட் டைமர் போட்டுக்கோங்க.

அப்புறம் remove.bg மாதிரி சைட்ல ஏத்துங்க, ஃப்ரீயா டவுன்லோட் பண்ணா சின்ன சைஸ்தான் வரும்ங்கறத மனசுல வச்சுக்கோங்க. ஐஃபோன் வச்சிருக்கவங்க போட்டோஸ் ஆப்லயே ஜிமிக்கிய அழுத்தி பிடிச்சு தனியா எடுக்கலாம். எதுல எடுத்தாலும் உடனே வெள்ளைல வைக்காதீங்க, முதல்ல கருப்பு பேக்ரவுண்ட்ல வச்சு பாருங்க. கொக்கி வளைவுக்குள்ள, முத்துக்கு நடுவுல ஒட்டிட்டிருக்கற சாம்பல் எல்லாம் அங்கதான் மாட்டும், அத ஜூம் பண்ணி எரேசர்ல அழிங்க, நூலையும் அப்பவே அழிச்சிடுங்க. முத்து எங்கயாவது கடிபட்டிருந்தா ரீஸ்டோர் பிரஷ்ல திரும்ப கொண்டு வந்துடலாம்.

அப்புறம் #FFFFFF வெள்ளைய போட்டு சேவ் பண்ணுங்க. அமேசான்ல முதல் படத்துக்கு இந்த சுத்த வெள்ளைதான் கேப்பாங்க, பொருள் ஃப்ரேம்ல 85% நிறையணும். பேக்ரவுண்ட் இல்லாம வைக்கணும்னா PNG-ல வைங்க, JPG-ல அது தங்காது. வாட்ஸ்அப்ல யாருக்காவது அனுப்பணும்னா போட்டோவா அனுப்பாம டாக்குமெண்ட்டா அனுப்புங்க, இல்லன்னா அமுக்கி அமுக்கி முத்தெல்லாம் மங்கிடும்.